போகும்போது 20, வரும்போது 30, சராசரி 24: போய்வரும் பயணத்தின் வேகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போறப்ப 20 கிலோமீட்டர் வேகம், வர்றப்ப 30. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா 25 வருது. விடையில 24னு போட்டிருக்காங்களே, இன்னா மிஸ் இது?

தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் மாலை டியூஷனில் வருடத்துக்கு நாலைந்து முறையாவது இது வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் கேட்பார்கள், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் அக்கா அண்ணன்மார்களும் கேட்பார்கள். கடைசியாகக் கேட்ட பையனின் அப்பா குட்டியானை ஓட்டுகிறவர். அந்த வண்டியையே போர்டுக்குக் கொண்டுவந்தேன்.

வண்டி காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டு எண்ணூருக்குப் போகிறது. கணக்கு சுலபமாக இருக்க, ஒரு பக்கம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது பின்பக்கம் முழுக்க ஐஸும் மீனும். வேகத்தடையில் சட்டென்று ஏறி இறங்கினால் பெட்டி சாயும், பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் மீன் தண்ணீர் தெறிக்கும். அதனால் 20க்கு மேல் போக முடியவில்லை. இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளோடு திரும்பும்போது 30.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம். 12 கிலோமீட்டருக்கு 36 நிமிடம். திரும்பும்போது மணிக்கு 30, அதாவது கிலோமீட்டருக்கு 2 நிமிடம். 12 கிலோமீட்டருக்கு 24 நிமிடம். 36ஐயும் 24ஐயும் கூட்டினால் சரியாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் வண்டி ஓடியது போக 12, வர 12, மொத்தம் 24 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 24.

25 என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரத்தில் வண்டி 25 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மீட்டரில் ஏறியது 24தான்.

ஆனா ரெண்டு பக்கமும் தூரம் ஒண்ணுதானே? 20ல பாதி, 30ல பாதி. அப்ப சராசரி நடுவுலதானே நிக்கணும்?

சிக்கல் அந்தப் "பாதி" என்ற சொல்லில் இருக்கிறது. எதில் பாதி? தூரத்தில் பாதி. ஆனால் வேகம் என்று நாம் சொல்வது மணிக்கு இத்தனை கிலோமீட்டர்; அது நேரத்தை வைத்து அளக்கிற அளவு. அதனால் சராசரி எடுக்கும்போது, அந்த வேகத்தில் எவ்வளவு தூரம் போனோம் என்று பார்க்கக் கூடாது, எவ்வளவு நேரம் இருந்தோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 60 நிமிடத்தில் 36 நிமிடம் வேகமானியின் முள் 20லேயே நிற்கிறது. 24 நிமிடம்தான் 30ல் நிற்கிறது. நிமிடத்துக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதினால் 36 இடத்தில் 20 என்றும் 24 இடத்தில் 30 என்றும் எழுதியிருப்போம். அந்த அறுபது எண்களையும் கூட்டுங்கள். 36 × 20 = 720. 24 × 30 = 720. மொத்தம் 1440, அறுபதால் வகுத்தால் 24.

இரண்டு பெருக்குத் தொகையும் அதே 720 என்று வருகிறது, கவனித்தீர்களா? அது தற்செயல் கிடையாது. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம்; இரண்டு பக்கமும் தூரம் ஒன்று. தூரம் சமமாக இருக்க வேண்டும் என்பதனாலேயே மெதுவான பக்கம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாக வேண்டும். எடுத்துக்கொள்ளும் அந்தக் கூடுதல் நேரம்தான் சராசரியை 25லிருந்து மெதுவான வேகத்தின் பக்கம் இழுக்கிறது.

2xy/(x+y) னு ஒரு சூத்திரம் குடுத்திருக்காங்க. அதுல தூரமே இல்லையே, அது எங்க போச்சு?

இதற்கு விடை நம் தெருவிலேயே இருக்கிறது. ஷேர் ஆட்டோ அண்ணனிடம் "திருவொற்றியூர் தேரடி எவ்வளவு தூரம்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். "அரை மணி நேரம் ஆவும்மா" என்பார். நாம் கேட்டது கிலோமீட்டர், அவர் சொன்னது நிமிடம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வழியை நேரத்தால் பேசுவது நமக்குப் பழக்கம். இந்தக் கணக்குக்கும் அதுவே சரியான வழி.

மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விட்டுவிட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். போகும்போது 3, வரும்போது 2. இப்போது கூட்டி இரண்டால் வகுக்கலாம், ஒரு தப்பும் இல்லை: இரண்டரை நிமிடம். கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 60 ÷ 2.5 = 24 கிலோமீட்டர்.

ஏன் இங்கே மட்டும் கூட்டி வகுக்கலாம்? ஏனென்றால் இந்த அளவு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுகிறது, கிலோமீட்டர்தான் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. எது சமமாக இருக்கிறதோ அதை அடியில் வைத்த அளவைத்தான் நேராகச் சராசரி எடுக்கலாம். இந்த ஒரு வரியை மட்டும் பிள்ளைகளின் நோட்டில் நான் கட்டம் கட்டி எழுதச் சொல்வேன்.

சூத்திரமும் இதையேதான் சொல்கிறது. ஒரு பக்கத் தூரம் d என்றால் போன நேரம் d/x, வந்த நேரம் d/y. மொத்தத் தூரம் 2d. 2dஐ அந்த இரண்டு நேரங்களின் கூட்டலால் வகுக்கும்போது மேலும் கீழும் இருக்கும் d அடிபட்டுப் போகிறது. மிச்சம் நிற்பது:

2xy/(x+y)

அதனால் காசிமேடு–எண்ணூர் 12 கிலோமீட்டரோ 13 கிலோமீட்டரோ, விடை மாறாது. கும்மிடிப்பூண்டி வரை போய் வந்தாலும் போகும்போது 20, வரும்போது 30 என்றால் சராசரி 24தான். தேர்வில் தூரம் கொடுக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம். இரண்டு வேகத்தாலும் வகுபடும் ஒரு தூரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 20க்கும் 30க்கும் 60 கிலோமீட்டர் என்று வைத்தால் 3 மணி, 2 மணி. 120ஐ 5ஆல் வகுத்தால் 24. சூத்திரம் மறந்துபோனாலும் இந்த வழி கைவிடாது.

இப்படி வரும் சராசரிக்குப் புத்தகத்தில் இசைச் சராசரி என்று பெயர். நாம் வழக்கமாகப் போடுவது கூட்டுச் சராசரி.

அப்ப 25 எப்பவுமே தப்பா?

பயணத்தை நேரத்தால் பிரித்தால் 25 சரி. அரை மணி நேரம் 20ல் ஓட்டினார், அடுத்த அரை மணி நேரம் 30ல் ஓட்டினார் என்று கேள்வி வந்தால் முதல் பாதியில் 10 கிலோமீட்டர், அடுத்த பாதியில் 15. ஒரு மணி நேரத்தில் 25. அங்கே 24 என்று எழுதினால்தான் தப்பு. "பாதி நேரம்" என்று இருக்கிறதா, "பாதி தூரம்" என்று இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, இரண்டு பக்கமும் ஒரே வேகம் என்றால் இரண்டு சராசரியும் ஒன்றாகிவிடும். அதைச் சொல்லவே வேண்டாம்.

எப்பவும் குறைஞ்சுதான் வரும்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க? எவ்வளவு குறையும்?

கூட்டுச் சராசரியிலிருந்து இசைச் சராசரியைக் கழித்துச் சுருக்கினால் இப்படி வரும்:

(x − y)² / 2(x + y)

மேலே இருப்பது ஒரு வர்க்கம். வர்க்கம் ஒருநாளும் குறை எண்ணாகாது. கீழே இருப்பது இரண்டு வேகங்களின் கூட்டல், அதுவும் நேர் எண். ஆக வேகங்கள் வேறுவேறாக இருக்கும் வரை கழித்து வருவது பூஜ்ஜியத்துக்கு மேல்தான். போய்வரும் சராசரி கூட்டுச் சராசரியைத் தாண்ட வழியே இல்லை.

எவ்வளவு குறையும் என்பதும் இதிலேயே இருக்கிறது. 20, 30க்கு வித்தியாசம் 10; வர்க்கம் 100; கீழே 2 × 50 = 100. ஆக 1 கிலோமீட்டர் குறைகிறது. இப்போது காலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 10தான் கிடைக்கிறது, வரும்போது 30. வித்தியாசம் 20, வர்க்கம் 400, கீழே 80. குறைவது 5. கூட்டி வகுத்தால் 20, உண்மையான சராசரி வெறும் 15. நேரத்தை வைத்துச் சரிபாருங்கள்: போக 72 நிமிடம், வர 24 நிமிடம், 96 நிமிடத்தில் 24 கிலோமீட்டர்.

வித்தியாசம் இரட்டிப்பானதும் குறைவு ஐந்து மடங்காகிவிட்டது, பாருங்கள். வேகங்கள் கிட்டக்கிட்ட இருந்தால், 28, 32 என்பது போல, கூட்டி வகுத்தாலும் பெரிய பழுது வராது. 30க்குப் பதில் 29.87. அன்றாட வாழ்க்கையில் இந்தத் தப்பு கண்ணில் படாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நெரிசல் நாளில்தான் அது பல்லைக் காட்டும்.

போறப்ப லேட்டாயிடுச்சு. வர்றப்ப விரட்டி ஓட்டி சராசரியைச் சரிக்கட்டிட முடியாதா?

இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அதே குட்டியானை. போகும்போது 20. சராசரி 40 வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வரும்போது எத்தனையில் வர வேண்டும்? பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் 60 என்பார்கள். 20ம் 60ம் கூட்டி இரண்டால் வகுத்தால் 40 வருகிறதே.

முதலில் மொத்த நேரத்தைப் பாருங்கள். 24 கிலோமீட்டரை 40 வேகத்தில் முடிக்க 36 நிமிடம்தான் இருக்கிறது. எண்ணூர் போய்ச் சேரவே 36 நிமிடம் ஆகிவிட்டது. கையில் மிச்சமிருக்கும் நேரம் பூஜ்ஜியம். வண்டி எண்ணூரில் நிற்கிறது, அந்த நொடியிலேயே காசிமேட்டில் இருந்தாக வேண்டும். 60ல் வந்தாலும் சராசரி 30தான். 100ல் வந்தால் 33.3. ஜெட் விமானத்தில் வந்தாலும் 40ஐத் தொடாது.

பொதுவாகச் சொன்னால், ஒரு பக்கம் x வேகத்தில் போய்விட்டால் போய்வரும் சராசரி 2xஐ எட்டவே எட்டாது. போகும்போது 10 என்றால் வரும்போது என்னதான் செய்தாலும் 20க்குக் கீழேதான்.

இந்தக் கணக்கு ஐன்ஸ்டீனிடமே போயிருக்கிறது. 1934ல் மேக்ஸ் வெர்த்ஹைமர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு எழுதிய கடிதத்தில் இதே போன்ற ஒரு புதிரை வைத்தார்: பழைய கார் ஒன்று ஒரு மைல் மேட்டில் மணிக்கு 15 மைல் வேகத்தில் ஏறுகிறது, ஒரு மைல் இறங்கவும் வேண்டும், மொத்தச் சராசரி 30 வர வேண்டுமானால் எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும்? இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று ஐன்ஸ்டீன் பதில் எழுதினார். என் டியூஷனில் 60 என்று சொன்ன பிள்ளை முகம் சுருங்கினால் இதைச் சொல்வேன்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். வேகத்தை 10, 10ஆகக் கூட்டிக்கொண்டே போனால் அந்த 12 கிலோமீட்டரில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பாருங்கள். 10லிருந்து 20 ஆக்கினால் 72 நிமிடம் 36 ஆகிறது, மிச்சம் 36 நிமிடம். 20லிருந்து 30 ஆக்கினால் மிச்சம் 12. 30லிருந்து 40 ஆக்கினால் 6. 50லிருந்து 60க்குப் போனால் 2 நிமிடமும் 24 நொடியும்தான். கூட்டியது ஒவ்வொரு தடவையும் அதே 10, கிடைப்பது தேய்ந்துகொண்டே போகிறது. அந்தப் பையனிடம் "அப்பாகிட்ட சொல்லுடா" என்று சொல்லி அனுப்பியது இதைத்தான். வரிசையில் இழந்த நேரத்தைக் காலி ரோட்டில் விரட்டிப் பிடிக்க முடியாது. நேரம் மிச்சமாக வேண்டுமானால், இன்னும் சீக்கிரம் கிளம்பி, மெதுவாகப் போகும் பக்கத்தை 10லிருந்து 15 ஆக்குவதுதான் வழி. அந்த 5 மட்டுமே 24 நிமிடத்தைத் திருப்பித் தருகிறது. திரும்பும் வழி முழுக்க ஆகும் நேரமே அவ்வளவுதான்.

நடுவுல நின்ன நேரத்தைச் சேர்க்கணுமா?

எதற்காகக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எண்ணூரில் மீன் இறக்க 20 நிமிடம் ஆனது என்றால், காசிமேட்டில் கிளம்பி மறுபடி காசிமேட்டுக்கு வர மொத்தம் 80 நிமிடம், சராசரி 18. வேகம் பூஜ்ஜியமாக இருந்த 20 நிமிடத்துக்கும் கணக்கில் இடம் உண்டு, ஏனென்றால் நேரத்தை வைத்துத்தான் இங்கே சராசரி எடுக்கிறோம். இந்த 18, மெதுவான பக்கத்து வேகமான 20க்கும் கீழே போய்விட்டதைக் கவனியுங்கள். நின்ற நேரத்தைச் சேர்க்காத வரை சராசரி இரண்டு வேகங்களுக்கும் நடுவில்தான் இருக்கும். வெளியே போய்விட்டால் எங்கோ நின்றிருக்கிறோம் என்று பொருள்.

போனில் ஓட்டத்தையும் சைக்கிளையும் பதிவு செய்யும் செயலிகள் பல, ஓடிய நேரத்தை மட்டும் எடுத்து ஒரு சராசரியும் முழு நேரத்தையும் எடுத்து இன்னொரு சராசரியும் காட்டும். இரண்டும் சரியே, எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். தேர்வுக் கேள்வியில் நின்றதாகச் சொல்லவில்லை என்றால் நிற்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூணு வேகம் குடுத்தா ரெண்டு ரெண்டா சேர்த்துப் போடலாமா?

கூடாது. 20, 30, 40 ஆகிய வேகங்களில் மூன்று சம தூரம் போனதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டுக்கு 24 எடுத்து, அந்த 24ஐயும் 40ஐயும் அதே சூத்திரத்தில் போட்டால் 30 வரும். பார்க்க அழகான எண்தான், ஆனால் தப்பு. 24 என்பது இரண்டு பங்கு தூரத்துக்கான சராசரி. 40 ஒரு பங்குக்கு மட்டும். சூத்திரம் இரண்டையும் சம தூரமாக நினைத்துக்கொள்கிறது.

நிமிடத்துக்கே வாருங்கள். கிலோமீட்டருக்கு 3, 2, 1.5 நிமிடம். மூன்று கிலோமீட்டருக்கு மொத்தம் 6.5 நிமிடம். 3 × 60 = 180, அதை 6.5ஆல் வகுத்தால் மணிக்கு 27.7. தூரங்கள் சமமில்லாத கணக்குக்கும் இதே வழிதான்: ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் கண்டுபிடி, கூட்டு, மொத்தத் தூரத்தை அதால் வகு. அங்கே குறுக்குச் சூத்திரம் தேட வேண்டாம்.

சராசரி வேகம் பூஜ்ஜியம்னு ஒரு புத்தகத்துல பார்த்தேனே?

அது திசைவேகமாக இருக்கும். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டால் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம், அதனால் சராசரித் திசைவேகமும் பூஜ்ஜியம். இந்தப் பக்கத்தில் நாம் பேசுவது வேகம். அதற்கு ஓடிய தூரம்தான் கணக்கு.

வண்டியை விட்டு வேற எங்கயாவது இதே மாதிரி வருமா?

மீன் வாங்கும் இடத்திலேயே வரும். போன ஞாயிறு இறால் கிலோ 200 ரூபாய், இந்த ஞாயிறு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இரண்டு வாரமும் 600 ரூபாய்க்குத்தான் வாங்கினார். முதல் வாரம் 3 கிலோ, இந்த வாரம் 2 கிலோ. 1200 ரூபாய்க்கு 5 கிலோ. சராசரியாகக் கிலோ 240 ரூபாய். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரமும் இரண்டிரண்டு கிலோ வாங்கினார். 400ம் 600ம் ஆயிரம் ரூபாய், 4 கிலோ, அவருக்குச் சராசரி 250. ஒரே கடை, ஒரே விலை, இரண்டு சராசரி. அம்மாவுக்குப் பணம் சமமாக இருந்தது, அக்காவுக்கு எடை சமமாக இருந்தது. விலை என்பது கிலோவுக்கு இவ்வளவு என்கிற அளவு. எனவே கிலோ சமமாக இருந்தவருக்குத்தான் கூட்டி வகுப்பது பொருந்துகிறது.

குட்டியானை லோடோடு லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் காலியாக 15 கிலோமீட்டரும் கொடுத்தால், போய்வரும் மைலேஜ் 12.5 ஆகாது, 12தான். காரணம் அதேதான்.

கடல்ல போறப்ப நீரோட்டம் எதிர்ல, வர்றப்ப கூடவே. ரெண்டும் ஈடாயிடாதா?

காசிமேட்டுப் பிள்ளைகள் கேட்பது இது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஓட்டமில்லாத தண்ணீரில் மணிக்கு 10 கிலோமீட்டர் போகும் ஒரு படகு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்குப் பார்த்து ஓடும். அதன் வேகம் 2 என்று வைத்துக்கொள்வோம். படகு வடக்கே 24 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறது. போகும்போது 8, மூன்று மணி நேரம். வரும்போது 12, இரண்டு மணி நேரம். மொத்தம் 5 மணி நேரம். நீரோட்டமே இல்லாவிட்டால் 48 கிலோமீட்டருக்கு 4 மணி 48 நிமிடம்.

வேகத்தில் எடுத்ததும் கொடுத்ததும் அதே 2தான். ஆனால் எடுத்துக்கொண்டது மூன்று மணி நேரம், கொடுத்தது இரண்டே மணி நேரம். அதனால்தான் 12 நிமிடம் கைநஷ்டம். சராசரி 10 ஆகாமல் 9.6 ஆகிறது. நீரோட்டம் 5 ஆக இருந்தால் போகும்போது 5, வரும்போது 15, சராசரி 7.5. அதே 10ஆக இருந்தால் வடக்கே ஓர் அடி கூட நகர முடியாது. வரும்போது 20ல் வரலாமே என்பதில் பயனில்லை, போய்ச் சேர்ந்தால்தானே வருவதற்கு.

இதைச் சொன்ன அன்று பின்வரிசையில் இருந்த ஒரு பையன், தாத்தாவோடு கடலுக்குப் போய் வருபவன், எழுந்து சொன்னான்: "அதான் மிஸ், ஓட்டம் ஜாஸ்தியா இருந்தா தாத்தா டீசல் ஒரு கேன் எக்ஸ்ட்ரா எடுத்துனு போவாரு. திரும்பி வர்றப்ப ஓட்டமே தள்ளிடும்ல, எதுக்குன்னு கேட்டேன். போறப்பவே தீந்துடும்டான்னாரு."